பிபிடிக்கு ஒரு பக்க ஸ்டைல் கைடு: ஆறு பேர் கொண்ட ஒரு குழுவின் நிகழ்வு ஆய்வு

காலாண்டுக் கூட்டத்துக்கு முந்தைய நாள் இரவு, ஐந்து பேர் அனுப்பிய ஐந்து பிபிடிகளை ஒன்றாகச் சேர்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது கோப்பிலிருந்து ஸ்லைடை எடுத்து ஒட்டியதும் தலைப்பு இருக்க வேண்டிய இடத்தில் `jkpo;ehL` என்று வந்து நின்றது. அது "தமிழ்நாடு". பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்தது. என் மடிக்கணினியில் பாமினி இல்லை. நான்காவது கோப்பின் அட்டவணை எழுத்து கண்ணுக்கே தெரியாத அளவுக்குச் சிறியது. ஐந்தாவதில் ஆரஞ்சு நிறத்தில் எழுதிய வரிகள் வெள்ளைப் பின்னணியில் கரைந்து போயிருந்தன. அன்று இரண்டு மணிவரை உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சரிசெய்தேன். அடுத்த காலாண்டிலும் இதே வேலை வரும் என்பது அப்போதே தெரிந்தது.

எங்களுடையது திண்டுக்கல் பக்கம் உழவர்களுக்குச் சொட்டுநீர்ப் பாசனப் பயிற்சி நடத்தும் சிறு குழு. ஆறு பேர். பிபிடி இரண்டு விதமாகப் பயன்படும்: ஊர்க் கூடங்களில் ப்ரொஜெக்டரில் காட்டும் தமிழ்ப் பயிற்சி பிபிடி ஒன்று, நிதி தருபவர்களுக்கும் தலைமை அலுவலகத்துக்கும் காட்டும் தமிழும் ஆங்கிலமும் கலந்த அறிக்கை பிபிடி இன்னொன்று. நான்கு பேரிடம் விண்டோஸ், ஒருவரிடம் மேக், இன்னொருவர் எல்லாவற்றையும் கூகுள் ஸ்லைட்ஸில்தான் செய்வார். எழுத்துரு, நிறம், அளவு, இடைவெளி நான்கையும் ஒரே பக்கத்தில் எழுதி எல்லாரும் அதையே பின்பற்றுவது என்று முடிவானது. அந்தப் பக்கத்தை எப்படி எழுதினோம், எங்கே தவறினோம், எது நிலைத்தது என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

முதல் கைடு ஏன் தோற்றது

முதலில் நான் எழுதியது நான்கு பக்கம். "ஸ்லைடு சுத்தமாக இருக்க வேண்டும்", "போதுமான இடைவெளி விடவும்", "நிறங்களை அளவோடு பயன்படுத்தவும்" என்றெல்லாம் எழுதியிருந்தேன். எல்லாரும் படித்தார்கள், சரி என்றார்கள். அடுத்து வந்த பிபிடிகள் பழையபடியே இருந்தன.

காரணம் தெரிய நான் செய்தது ஒரு எளிய சோதனை. கைடிலிருந்து ஒரு வரியை மட்டும் எடுத்து இரண்டு பேரிடம் தனித்தனியாகக் கொடுத்து, அதன்படி ஒரு ஸ்லைடு செய்யச் சொன்னேன். "போதுமான இடைவெளி" என்ற வரிக்கு ஒருவர் ஓரத்தில் அரை சென்டிமீட்டர் விட்டார், இன்னொருவர் மூன்று சென்டிமீட்டர் விட்டார். இரண்டு பேரும் கைடை மீறவில்லை. அந்த வரிதான் எதையும் சொல்லவில்லை. இரண்டு பேர் செய்தால் ஒரே ஸ்லைடு வராத வரிகளையெல்லாம் அடித்தேன். நான்கு பக்கத்தில் மிஞ்சியது அரைப் பக்கம் கூட இல்லை.

அப்புறம் வேறு வழியில் தொடங்கினேன். அந்த ஐந்து பிபிடிகளிலும் உண்மையில் என்னென்ன இருக்கிறது என்று எண்ணினேன். பவர்பாயின்டில் `Home > Replace > Replace Fonts` திறந்தால், முதல் பட்டியலில் கோப்பில் உள்ள எழுத்துருக்கள் அத்தனையும் வரிசையாக வரும். எதையும் மாற்றாமல் படித்துவிட்டு மூடிவிடலாம். எங்கள் ஒட்டுப்போட்ட கோப்பில் ஒன்பது எழுத்துருக்கள் இருந்தன. `View > Slide Master` திறந்தபோது இடப்பக்கம் மூன்று மாஸ்டர்கள், அதாவது ஸ்லைடுகளுக்கு அடிப்படையான மூன்று பொது அமைப்புகள். ஒட்டும்போது `Keep Source Formatting` கொடுத்தால், அந்தக் கோப்பின் மாஸ்டரும் கூடவே வந்துவிடும். அப்படிச் சேர்ந்தவை இவை. கைடில் எந்த வரி தேவை என்பதை என் விருப்பம் முடிவு செய்யக் கூடாது, இப்படி எண்ணிக் கண்ட கோளாறுகள்தான் முடிவு செய்ய வேண்டும் என்று வைத்துக்கொண்டேன்.

எழுத்துரு: தமிழுக்குத் தனியாக ஒரு வரி

எங்கள் ஐந்து பேரில் மூன்று பேர் தீமில் நல்ல எழுத்துரு ஒன்றைத் தேர்ந்தெடுத்துத்தான் வைத்திருந்தார்கள். ஆனாலும் தமிழ் மட்டும் லதாவில் வந்துகொண்டிருந்தது. இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு நாள் பிடித்தது. பவர்பாயின்ட் தீமில் லத்தீன் எழுத்துக்கு ஓர் இடம், சீன ஜப்பானிய எழுத்துக்கு ஓர் இடம், தமிழ், இந்தி, அரபி போன்ற எழுத்துகளுக்கு ஓர் இடம் என்று தனித்தனியே உண்டு. பெரும்பாலான கணினிகளில் தீம் எழுத்துருவை மாற்றும் சாளரம் லத்தீன் இடத்தை மட்டுமே காட்டுகிறது. தமிழுக்கான இடம் காலியாகவே கிடக்கும். அதற்குக் கீழே, தமிழ் என்றால் லதா என்று ஒரு வரி மைக்ரோசாஃப்ட் ஆபிஸ் தீமிலேயே முன்கூட்டி எழுதப்பட்டிருக்கும். லதா விண்டோஸுக்கான எழுத்துரு. மேக்கில் அது இல்லாதபோது வேறு ஏதோ ஓர் எழுத்துரு அந்த இடத்துக்கு வந்துவிடும். சொற்களின் அகலம் மாறி, வரி உடையும் இடமும் மாறும்.

இதைச் சாளரத்திலிருந்து சரிசெய்ய முடியவில்லை என்றால் கோப்பின் உள்ளே போக வேண்டியதுதான். `.pptx` என்பது உண்மையில் ஒரு ஜிப் கோப்பு. டெம்ப்ளேட்டை ஒரு நகல் எடுத்து, பெயரின் இறுதியை `.zip` என்று மாற்றி, உள்ளே `ppt/theme/theme1.xml` கோப்பை வெளியே எடுத்து நோட்பேடில் திறந்தோம். தலைப்புக்கான `majorFont`, உடல் எழுத்துக்கான `minorFont` இரண்டிலும் இப்படி மாற்றினோம்:

```
<a:latin typeface="Mukta Malar"/>
<a:ea typeface=""/>
<a:cs typeface="Mukta Malar"/>
<a:font script="Taml" typeface="Mukta Malar"/>
```

பிறகு அந்தக் கோப்பை ஜிப்புக்குள் திரும்பப் போட்டு, பெயரைப் பழையபடி மாற்றினோம். அதன்பின் புதிதாகத் தட்டச்சு செய்யும் தமிழ் எல்லாம் அந்த எழுத்துருவிலேயே வந்தது.

எழுத்துருவைத் தேர்ந்ததற்கும் காரணம் சொல்ல வேண்டும். முக்தா மலரில் தமிழும் ஆங்கிலமும் ஒரே குடும்பமாக வரையப்பட்டவை. "PVC குழாய்" என்று ஒரே வரியில் எழுதும்போது இரண்டும் ஒரே கனத்தில் நிற்கும். இலவசமாகப் பயன்படுத்தவும் கோப்புக்குள் பதித்து அனுப்பவும் அதன் உரிமம் இடம் தருகிறது. விண்டோஸ், மேக் இரண்டிலும் நிறுவலாம். நிர்மலா யூஐ நன்றாக இருந்தாலும் அது விண்டோஸோடு வருவது, மேக்கில் இருக்கும் என்று நம்ப முடியாது என்பதால் விட்டுவிட்டோம். பல கனங்கள் கிடைத்தாலும் ரெகுலர், போல்டு இரண்டை மட்டும் எல்லாருக்கும் நிறுவினோம். சாய்வெழுத்து கூடாது என்று பக்கத்தில் ஒரு வரி சேர்த்தோம். தமிழ் எழுத்துருக்களில் தனியாக வரைந்த சாய்வெழுத்து அரிது. சாய்வுப் பொத்தானை அழுத்தினால் நேர் எழுத்தையே மென்பொருள் சரித்துக் காட்டும், சுழிகளும் கொம்புகளும் கோணலாகிவிடும்.

கணினியில் நிறுவாத ஒருவருக்கு அனுப்பும்போது `File > Options > Save` பக்கத்தில் `Embed fonts in the file` தேர்வு செய்ய வேண்டும். இதுவும் பக்கத்தில் இடம்பெற்றது. ஊர்க் கூடத்தில் பெரும்பாலும் அங்கே இருக்கும் கணினியில்தான் காட்டுவோம், அதனால் இந்த வரி எங்களுக்கு மற்ற எதையும்விடப் பயன்பட்டது.

பாமினி வேறு வகைச் சிக்கல். அது எழுத்துருவை மாற்றினால் தீராது. பாமினியில் இருப்பது தமிழ் எழுத்தின் படம் போட்ட ஆங்கிலக் குறியீடு; கோப்புக்குள் உண்மையில் இருப்பது `jkpo;` என்ற ஆங்கில எழுத்துகள்தான். எழுத்து மாற்றும் கருவி மூலம் யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். அப்படி மாற்றும்போது ஒரு பொறி இருக்கிறது. பத்தி முழுவதையும் அந்தக் கருவியில் போட்டால், நடுவே இருக்கும் உண்மையான ஆங்கிலச் சொற்களையும் அது தமிழாக்கிவிடும். "PVC" போட்ட இடத்தில் பொருளே இல்லாத மூன்று எழுத்து வந்து நிற்கும். ஆங்கிலச் சொல்லைத் தனியாக எடுத்துவைத்து, தமிழை மட்டும் மாற்றி, மறுபடி சேர்க்க வேண்டியிருந்தது.

அளவு: கடைசி வரிசையிலிருந்து பின்னோக்கி

எழுத்தளவை நாங்கள் முதலில் மடிக்கணினித் திரையைப் பார்த்து முடிவு செய்துகொண்டிருந்தோம். அது எவ்வளவு தவறு என்று காட்டியது ஒரு பயிற்சி வகுப்பு. அட்டவணை ஸ்லைடில் பக்கக் குழாய்களுக்கு இடையே 1.5 மீட்டர் என்று 14 பாயின்டில் எழுதியிருந்தது. பின்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர் எழுந்து, "பதினஞ்சு மீட்டரா தம்பி? அவ்வளவு தள்ளியா போடணும்?" என்று கேட்டார். புள்ளி அவருக்குத் தெரியவில்லை. அவர் கேட்டதால் தெரிந்தது. கேட்காமல் போனவர்கள் எத்தனை பேரோ.

தமிழில் புள்ளி எண்களில் மட்டுமா இருக்கிறது? மண், மண என்ற இரண்டுக்கும் நடுவே இருப்பது ஒரு புள்ளிதான். எழுத்து சிறுத்தால் முதலில் மறைவது மெய்யெழுத்தின் புள்ளி, அடுத்து இகர ஈகாரச் சுழி வேறுபாடு. அதனால் அளவு முடிவு செய்யும்போது புள்ளி தெரிகிறதா என்பதையே அளவுகோலாக வைத்தோம்.

ஒவ்வொரு தடவையும் கூடத்துக்குப் போய்ப் பார்க்க முடியாது. அதற்கு ஒரு கணக்குப் போட்டோம். எங்கள் வழக்கமான கூடத்தில் ப்ரொஜெக்டர் படம் சுமார் 1.3 மீட்டர் உயரம், கடைசி வரிசை 11 மீட்டர் தூரம். 11ஐ 1.3 ஆல் வகுத்தால் சுமார் 8.5. அதாவது கடைசியில் இருப்பவர் படத்தின் உயரத்தைப் போல எட்டரை மடங்கு தள்ளி உட்கார்ந்திருக்கிறார். 14 அங்குல மடிக்கணினியின் திரை உயரம் சுமார் 17 சென்டிமீட்டர். அதை 8.5 ஆல் பெருக்கினால் 145 சென்டிமீட்டர், ஐந்தடிக்குச் சற்றுக் குறைவு. ஸ்லைடை முழுத்திரையில் வைத்துவிட்டு ஐந்தடி பின்னால் போய் நின்றால், கடைசி வரிசைக்காரர் காண்பதைத்தான் நாமும் காண்போம். ஆறு பேரும் அப்படி நின்று படித்தோம். 18 பாயின்டில் தனிச் சொற்கள் படிக்க முடிந்தது, பத்தி படிக்க முடியவில்லை. 24இல் எல்லாருக்கும் புள்ளி தெரிந்தது, கண்ணாடி மறந்து வந்திருந்த அக்காவுக்கும்.

அதன்படி நான்கே அளவு வைத்தோம்: தலைப்பு 32, உடல் 24, அட்டவணையும் படக்குறிப்பும் 18, ஸ்லைடின் அடியில் தகவல் எங்கிருந்து வந்தது என்று போடும் வரி 14. கூடத்தில் யாரும் படிக்கத் தேவையில்லாதது அந்த 14 மட்டுமே. தலைப்புக்கு முதலில் 40 வைத்துப் பார்த்தோம். ஆங்கிலத் தலைப்பு ஒரே வரியில் அடங்கியது. அதே பொருள் தமிழில் மூன்று வரிக்கு ஓடியது. 32இல் இரண்டு வரிக்குள் வந்தது.

இங்கே கூகுள் ஸ்லைட்ஸ் பயன்படுத்துபவரிடமிருந்து ஒரு கேள்வி வந்தது. "நானும் 24தான் வெச்சிருக்கேன், ஆனா என்னோடது மட்டும் ஏன் இவ்வளவு பெருசா தெரியுது?" என்றார். பவர்பாயின்டின் அகலத் திரை ஸ்லைடு 13.33 அங்குல அகலம். கூகுள் ஸ்லைட்ஸ் புதிதாகத் திறக்கும் ஸ்லைடு 10 அங்குலம். இரண்டும் திரையில் ஒரே அளவாக விரிந்து தெரிவதால், அங்கே 18 பாயின்ட் என்பது இங்கே 24க்குச் சமம். எண் ஒன்றாக இருந்தாலும் காட்சி வேறு. புதுக் கோப்பு திறந்ததும் `File > Page setup > Custom` போய் 13.333 × 7.5 அங்குலம் கொடுத்துவிட்டால் எண்ணும் காட்சியும் ஒத்துப்போகும். ஸ்லைடு அளவைச் சொல்லாமல் எழுத்தளவு சொன்னால் அது பாதிச் செய்திதான். அதனால் ஸ்லைடின் அளவே எங்கள் பக்கத்தின் முதல் வரியானது.

நிறம்: ஆரஞ்சு குறித்து ஒரு பேச்சு

நிறத்தில் எங்களுக்கு இருந்த சிக்கல் ஒன்றே ஒன்றுதான், ஆனால் அது எங்கள் லோகோவின் ஆரஞ்சு, `#F28C28`. முக்கியமான வரிகளை எல்லாரும் அந்த நிறத்தில் எழுதிவந்தார்கள். வெயில் நேரத்தில், சன்னல் திறந்திருக்கும் கூடத்தில் அந்த வரிகள்தான் முதலில் காணாமல் போகும். எது முக்கியமோ அது தெரியாது.

இணைய அணுகல் நெறிகளில் எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே இருக்க வேண்டிய ஒளி வேறுபாட்டுக்கு எண் கொடுத்திருக்கிறார்கள்: சாதாரண எழுத்துக்கு 4.5க்கு 1, பெரிய எழுத்துக்கு 3க்கு 1. எங்கள் ஆரஞ்சு வெள்ளை மேல் சுமார் 2.5தான். பெரிய எழுத்துக்குக்கூடப் போதாது. இதை இயக்குநரிடம் காட்டினேன். "நம்ம அடையாளமே அதுதானேப்பா, அதை எப்படி எடுக்கறது?" என்றார். எடுக்க வேண்டாம் சார், எழுத்தாக மட்டும் வேண்டாம், தலைப்புக்குக் கீழே பட்டையாகவும் வரைபடத்தில் நிரப்பும் நிறமாகவும் இருக்கட்டும் என்றேன். இரண்டு ஸ்லைடுகளை அதே கூடத்தில் பகலில் போட்டுக் காட்டியபின் ஒப்புக்கொண்டார். எழுத்தில் அழுத்தம் தர, அதே குடும்பத்தில் இருண்ட `#B45309` எடுத்தோம். அது வெள்ளை மேல் 5.

சாம்பலில் நானே ஒரு தவறு செய்தேன். `#767676` வெள்ளை மேல் 4.5ஐத் தாண்டும் என்று பார்த்து அதையே பக்கத்தில் எழுதிவிட்டேன். ஆனால் எங்கள் அட்டவணைகளில் ஒன்றுவிட்டு ஒரு வரிசைக்கு `#F2F2F2` பின்னணி உண்டு. அதன்மேல் அதே சாம்பல் 4.1க்கு இறங்கிவிடுகிறது. வெள்ளையில் தேறியது வெளிர்சாம்பலில் தேறவில்லை. `#666666` என்று மாற்றினோம், இரண்டிலும் 5க்கு மேல். எழுத்து நிறத்தைச் சோதிக்கும்போது அது எந்தெந்தப் பின்னணியில் வரும் என்று முதலில் எழுதிக்கொண்டு, அத்தனையிலும் சோதிக்க வேண்டும்.

நிறங்களைப் பக்கத்தில் எழுதினால் மட்டும் போதாது என்பதும் தெரிந்தது. பவர்பாயின்ட் தீமில் பன்னிரண்டு நிற இடங்கள் இருக்கின்றன. அவற்றில் நம் நிறங்களை வைத்துவிட்டால், நிறம் தேர்ந்தெடுக்கும் பெட்டியைத் திறந்ததும் அவையே முதலில் நிற்கும். யாரும் குறியீட்டைப் பார்த்துத் தட்ட வேண்டியதில்லை. தீம் நிறமாகக் கொடுத்தது பின்னால் தீமை மாற்றினால் தானாக மாறும். குறியீட்டைத் தட்டிக் கொடுத்தது அப்படியே உறைந்துவிடும். நாங்கள் சாம்பலை மாற்றிய அன்று இந்த வித்தியாசம் நேரில் தெரிந்தது. தீம் நிறம் பயன்படுத்திய கோப்புகளில் ஒரே மாற்றத்தில் முடிந்தது, மற்றவற்றில் ஒவ்வொரு பெட்டியாகத் தொட வேண்டியிருந்தது.

இடைவெளி: சதவீதத்தை நம்ப முடியாது

வரி இடைவெளிதான் எங்களை மிகவும் அலைக்கழித்தது. ஆபிஸ் தீமில் உடல் எழுத்தின் வரி இடைவெளி 90 சதவீதம் என்று இருக்கும். ஆங்கிலத்துக்கு அது பொருந்தும். தமிழில் மேல் வரியில் "குழுவுக்கு" என்றும், நேர் கீழே "நீர்த்தொட்டி" என்றும் வந்தால், சில எழுத்துருக்களில் மேலே உள்ள உகரக் கால் கீழே உள்ள ஈகாரச் சுழியை முட்டும். சரி, 110 சதவீதம் ஆக்கலாம் என்று மாற்றினோம். முக்தா மலருக்கு மாறியபின் அதே 110 மிகத் தளர்ந்து, ஆறு வரி ஸ்லைடு அடியில் வழிந்தது. எழுத்துரு ஒவ்வொன்றுக்கும் வரி உயரம் உள்ளேயே குறிக்கப்பட்டிருக்கிறது. சதவீதம் என்பது அந்த உயரத்தின் சதவீதம். முக்தா மலரின் உள் உயரம் தாராளமானது.

அதனால் சதவீதத்தை விட்டுவிட்டு `Paragraph > Line Spacing > Exactly` என்று பாயின்டிலேயே கொடுத்தோம்: 24க்கு 34, 18க்கு 26, 32க்கு 44. ஏறக்குறைய ஒன்றுக்கு 1.4. எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தாலும் வரி உயரம் மாறாது. இதில் ஒரு குறையும் உண்டு. யாராவது எழுத்தைப் பெரிதாக்கினால் வரி இடைவெளி கூடவே வளராது, வரிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறும். எங்களுக்கு அது நல்லதாகவே போயிற்று, அளவை மாற்றிவிட்டார்கள் என்பது பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

ஓர இடைவெளிக்கு மூன்றே எண்: ஓரம் 2 செ.மீ., பகுதிகளுக்கு இடையே 1 செ.மீ., படத்துக்கும் குறிப்புக்கும் இடையே அரை செ.மீ. ஒருவருடைய கணினியில் `Region` அமைப்பு அமெரிக்கா என்று இருந்ததால் அளவுகள் அங்குலத்தில் காட்டின; "2" என்று தட்டிவிட்டு, ஸ்லைடில் பாதி ஓரமாகவே போய்விட்டது என்றார். அதனால் அலகையும் சேர்த்தே எழுதினோம். வழிகாட்டிக் கோடுகளை மாஸ்டரில் வரைந்துவைத்தோம், `Alt+F9` அழுத்தினால் தெரியும்.

எண்கள் எல்லாம் அமைந்தபின் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஸ்லைடு உயரம் 540 பாயின்ட். மேலும் கீழும் ஓரம் 113. இரண்டு வரித் தலைப்பு 88, அதன் கீழ் இடைவெளி 28, அடிவரிக்கும் அதன் மேல் இடைவெளிக்கும் 34. மிஞ்சுவது 277. நான்கு குறிப்புகள் என்றால் அவற்றுக்கு நடுவே மூன்று தடவை 12 பாயின்ட் போக, மீதி 241. 34ஆல் வகுத்தால் ஏழு வரி. "ஸ்லைடில் அதிகம் எழுதாதீர்கள்" என்று பல தடவை சொல்லிப் பார்த்தோம், நடக்கவில்லை. நான்கு குறிப்பு, ஏழு வரி என்று எழுதியதும் நடந்தது.

அந்தப் பக்கம்

கடைசியில் ஏ4 தாளில் ஒரு பக்கமாக அச்சிட்டு ஒவ்வொருவர் மேசையிலும் ஒட்டியது இதுதான்:

```
ஸ்லைடு     33.87 × 19.05 செ.மீ. (13.333 × 7.5 அங்குலம்)
எழுத்துரு   Mukta Malar: Regular, Bold. சாய்வெழுத்து இல்லை.
அளவு/வரி   தலைப்பு 32/44, இரண்டு வரிவரை
           உடல் 24/34, நான்கு குறிப்பு, ஏழு வரிவரை
           அட்டவணை, படக்குறிப்பு 18/26
           அடிவரி 14/20
நிறம்       எழுத்து #1A1A1A      தலைப்பு #1F4E79
           அழுத்தம் #B45309     துணை எழுத்து #666666
           பின்னணி #FFFFFF, #F2F2F2
           #F28C28: பட்டை, வரைபடம் மட்டும்; எழுத்துக்கு இல்லை
இடைவெளி   ஓரம் 2 செ.மீ., பகுதி 1 செ.மீ., படக்குறிப்பு 0.5 செ.மீ.
ஒட்டும்போது Use Destination Theme
அனுப்பும்முன் Replace Fonts பட்டியல், Outline View, ஐந்தடிச் சோதனை
விலக்கு     கையில் கொடுக்கும் அச்சுத்தாள் இதில் சேராது
```

கடைசி வரி பின்னால் சேர்ந்தது. பதினான்கு வரிசை கொண்ட செலவு அட்டவணையை 18 பாயின்டில் ஒரு ஸ்லைடில் வைக்க முடியாது. களப்பணியாளர் ஒருவர் கைடை மதித்து அதை மூன்று ஸ்லைடாக உடைத்தார். கூட்டுத்தொகை ஒரு ஸ்லைடில், செலவு வேறு ஸ்லைடில் என்று ஆகி, யாருக்கும் புரியவில்லை. அப்படிப்பட்டதை அச்சிட்டுக் கையில் கொடுத்துவிட்டு, ஸ்லைடில் மூன்று எண் மட்டும் போடுவது என்று முடிவு செய்தோம்.

மூன்று மாதம் கழித்து

அடுத்த காலாண்டுக் கூட்டத்துக்கு அதே ஐந்து பேரின் பிபிடிகளைச் சேர்த்தேன். எழுத்துருப் பட்டியலில் இரண்டு பெயர்கள்தான் இருந்தன. இரண்டாவது, எக்செலிலிருந்து படமாக இல்லாமல் வரைபடமாகவே ஒட்டிய ஒன்றிலிருந்து வந்தது. நிறங்களில் பிசகு இல்லை. எழுத்துரு, நிறம் இரண்டும் தீமிலேயே இருப்பதால் யாரும் தனியாக முயற்சி எடுக்கத் தேவையில்லை.

எழுத்தளவு மட்டும் ஒழுங்கில்லை. 24 இருக்க வேண்டிய இடத்தில் 22, 20 என்று இருந்தது. யாரும் குறைக்கவில்லை என்று எல்லாரும் உறுதியாகச் சொன்னார்கள், உண்மையும் அதுதான். எழுத்து பெட்டியை மீறும்போது பவர்பாயின்டே அதைச் சுருக்கிவிடுகிறது, வரி இடைவெளியையும் கூடவே குறைக்கிறது. எட்டாவது வரி எழுதிய ஒவ்வொரு இடத்திலும் இது நடந்திருந்தது. மாஸ்டரில் ஒவ்வொரு பெட்டியையும் தேர்ந்து `Format Shape` பகுதியில் `Do not Autofit` கொடுத்தோம். ஒவ்வொருவர் கணினியிலும் `AutoCorrect Options` சாளரத்தில் `AutoFit body text to placeholder` என்பதையும் எடுத்துவிட்டோம். இப்போது எட்டாவது வரி வெளியே வழிந்து நிற்கும். எழுதியவர் கண்ணில் உடனே படும்.

மிக மோசமாக இருந்தது இடைவெளி. லேஅவுட்டில் இருக்கும் பெட்டிகளில் எழுதாமல், `Insert > Text Box` போட்டு விரும்பிய இடத்தில் எழுதும் பழக்கம் மூன்று பேரிடம் இருந்தது. அப்படி எழுதியதை மாஸ்டர் கட்டுப்படுத்தாது, `Home > Reset` அழுத்தினாலும் அசையாது. இதைக் கண்டுபிடிக்க எளிய வழி `View > Outline View`. லேஅவுட்டின் பெட்டிகளில் எழுதியது மட்டும் அங்கே தெரியும். ஸ்லைடில் எழுத்து இருந்தும் அங்கே எண் மட்டும் தெரிந்தால், அது தனிப்பெட்டியில் எழுதியது. ஏன் இப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்டபோது கள ஒருங்கிணைப்பாளர் அக்கா சொன்ன பதில் எனக்கு உறைத்தது. "தம்பி, இடதுபக்கம் போட்டோ, வலதுபக்கம் நாலு படி, கீழ ஒரு எச்சரிக்கை. எங்களுக்கு எப்பவும் இதுதான் வேணும். உங்க டெம்ப்ளேட்ல அது இல்லையே." அவர் சொன்னது சரி. தனிப்பெட்டி போடாதீர்கள் என்று பக்கத்தில் ஒரு வரி சேர்ப்பதற்குப் பதில், அவர் சொன்ன லேஅவுட்டை மாஸ்டரில் செய்து கொடுத்தோம். இரண்டு பத்தியும் தலா 14.43 செ.மீ., நடுவே 1 செ.மீ., அடியில் எச்சரிக்கைப் பட்டை. அதற்குப் பிறகு வந்த அவருடைய பிபிடியில் ஒரே ஒரு தனிப்பெட்டிதான் இருந்தது.

பழைய பயிற்சிக் கோப்புகளில் பதினேழு இன்னும் பாமினியில் இருக்கின்றன. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்ற ஆளில்லை. பயிற்சி அட்டவணையில் எது முதலில் வருகிறதோ அதை அந்த வாரம் மாற்றுகிறோம். அடுத்தது, சொட்டுவான் அடைப்பு எடுப்பது பற்றியது. அதில் ஆங்கிலச் சொற்கள் நிறைய, அவற்றைத் தனியே எடுத்துவைக்கும் வேலை நேற்றுதான் தொடங்கியிருக்கிறது.